சாப்பிட்டால் வலி, அல்ட்ராசவுண்டில் கல் இல்லை: பித்தப்பை நிரம்புகிறதா, சுருங்குகிறதா என்று பார்க்கும் ஹைடா ஸ்கேன்

வலது விலா எலும்புக்குக் கீழே வலி. சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் ஆரம்பித்து, மெல்ல ஏறி, அப்படியே நின்று, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் இறங்குகிறது. அல்ட்ராசவுண்ட் எடுத்தாயிற்று, கல் இல்லை. எண்டோஸ்கோபியும் பார்த்தாயிற்று, புண் இல்லை. கேஸ் மாத்திரை இரண்டு மாதம் போட்டும் பலனில்லை. இந்தக் கட்டத்தில் டாக்டர் ஹைடா ஸ்கேன் என்று ஒரு சீட்டு எழுதித் தருவார். அந்தச் சீட்டோடு எங்கள் அறைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல், இது இன்னொரு வகை அல்ட்ராசவுண்ட் என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

நான் நியூக்ளியர் மெடிசின் பிரிவில் காமா கேமராவை இயக்கும் டெக்னாலஜிஸ்ட். அறிக்கை எழுதுவது டாக்டர். ஆனால் நோயாளியைப் படுக்க வைப்பதும், எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்பதும், கணினியில் பித்தப்பையைச் சுற்றிக் கோடு போடுவதும் என் வேலை. அறிக்கையில் வரும் அந்த ஒற்றை எண் எங்கிருந்து வருகிறது, எங்கே தப்பாகப் போகும் என்பது தினமும் கண்ணால் பார்க்கிற விஷயம். இதை ஒரு நோயாளியை வைத்தே சொல்கிறேன். 46 வயதுப் பெண், 60 கிலோ எடை. ஒரே ஸ்கேனுக்கு இரண்டு முறை வர வேண்டியதாகிவிட்டது அவருக்கு.

இந்த ஸ்கேன் எதைப் பார்க்கிறது

கல்லீரல் நாள் முழுக்கப் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. வயிறு காலியாக இருக்கும்போது பித்தநாளத்தின் கடைசியில், சிறுகுடலில் திறக்கும் இடத்தில் இருக்கும் சுருக்குத் தசை மூடியிருக்கும். அதனால் பித்தநீர் பக்கவாட்டில் இருக்கும் மெல்லிய குழாய் வழியாகப் பித்தப்பைக்குள் போய்ச் சேரும். நாம் எண்ணெய், நெய், பால் என்று கொழுப்புள்ள எதையாவது சாப்பிட்டதும் சிறுகுடலின் முதல் பகுதி கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது பித்தப்பையைச் சுருக்கும், கீழே இருக்கும் சுருக்குத் தசையைத் தளர்த்தும். உள்ளே இருந்த பித்தநீர் குடலுக்குப் போய்விடும்.

அல்ட்ராசவுண்ட் இந்தப் பையின் உருவத்தைக் காட்டும். சுவர் தடித்திருக்கிறதா, கல் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒழுங்காக நடக்கிறதா என்பதற்கு ஹைடா ஸ்கேன் வேண்டும்.

ஊசியில் போடுவது டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளோடு சேர்த்த மெப்ரோஃபெனின். கல்லீரல் செல்கள் இதைப் பிலிருபினைப் போலவே நினைத்து ரத்தத்திலிருந்து பிடித்து, பித்தநீரில் விட்டுவிடும். அப்புறம் பித்தநீர் எங்கே போனாலும் இதுவும் கூடவே போகும். வயிற்றுக்கு மேல் வைத்திருக்கும் காமா கேமரா அதிலிருந்து வரும் கதிர்களை நிமிடத்துக்கு ஒரு படமாகப் பிடிக்கும். இந்த வகை மருந்துகள் பிறந்ததே தற்செயல்தான். 1970களில் லிடோகெயினை, பல் டாக்டர் மரத்துப்போகப் போடுகிறாரே அதே மருந்தை, ஒட்டிய ஒரு மூலக்கூறைச் செய்து இதயத்தைப் படமெடுக்க முயன்றார்கள். அது இதயத்தில் தங்காமல் கல்லீரல் வழியாகப் பித்தநீருக்குப் போய்விட்டது.

ஆக ஸ்கேன் இரண்டு கேள்வி கேட்கிறது. பை நிரம்பியதா? நிரம்பிய பை சுருங்கியதா? முதல் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால்தான் இரண்டாவதைக் கேட்கவே முடியும். உள்ளே இருந்த பித்தநீரில் எத்தனை சதவீதம் வெளியேறியது என்பதுதான் வெளியேற்ற விகிதம். நிரம்பாத பைக்கு அப்படி ஒன்று கிடையாது. இதை மறந்தால் அறிக்கையைத் தலைகீழாகப் படித்துவிடுவோம்.

தயாரிப்பு: பட்டினி கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு

குறைந்தது நான்கு மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும். காரணம் எளிது. காலையில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்தால் ஹார்மோன் ஏற்கெனவே சுரந்து, பை சுருங்கிய நிலையில் இருக்கும். சுருங்கிய பைக்குள் புதுப் பித்தநீர் போகாது. ஸ்கேனில் பை தெரியாது. குழாய் அடைப்பு மாதிரியே இருக்கும்.

இது எல்லோருக்கும் புரியும். மறுபக்கம்தான் பலருக்குத் தெரியாது. 24 மணி நேரத்துக்கு மேல் எதுவும் சாப்பிடாமல் இருந்தாலும் பை தெரியாமல் போகலாம். சுருங்க வேலையே இல்லாததால் பழைய பித்தநீர் கெட்டியாகி, பை தளும்பத் தளும்ப நிரம்பியிருக்கும். ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் புதுத் தண்ணீர் எப்படி இறங்கும்? கதிரியக்கம் கலந்தது புதிதாகச் சுரக்கும் பித்தநீர் மட்டும்தான். பழையது கேமராவுக்குக் கண்ணுக்கே தெரியாது.

அந்த அம்மாவின் முதல் ஸ்கேன் இதில்தான் சிக்கியது. காலை ஒன்பது மணிக்கு ஊசி போட்டோம். ஐந்து நிமிடத்தில் கல்லீரல் பளிச்சென்று வந்தது. கால் மணி நேரத்தில் பித்தநாளம் தெரிந்தது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் சிறுகுடலில் வெளிச்சம் இறங்கியது. எல்லாம் ஒழுங்கு. பித்தப்பை இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. அறுபது நிமிடமும் ஆயிற்று, அங்கே ஒன்றுமில்லை.

"கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"ராத்திரி சாப்பிடலை சார், சொன்னாங்கல்ல."

"ராத்திரிக்கு முன்னாடி?"

"நேத்து காலைல ஏழு மணிக்கு ரெண்டு இட்லி. அப்புறம் தண்ணிதான். சாப்பிட்டா வலிக்குமோன்னு பயம். ஒரு மாசமாவே எண்ணெய் இல்லாம கஞ்சி, இட்லின்னுதான் ஓடுது."

ஆக இருபத்தாறு மணி நேரப் பட்டினி. அதற்கு முன்னால் ஒரு மாதமாகப் பையைச் சுருக்கும் அளவுக்குக் கொழுப்பே வயிற்றுக்குள் போகவில்லை. சாப்பிட்டால் வலி என்று வருபவர்களிடம் இது அடிக்கடி நடப்பதுதான், ஏனென்றால் வலிக்குப் பயந்து கொழுப்பைத்தான் முதலில் நிறுத்துவார்கள். தப்பு எங்கள் பக்கம். "வெறும் வயிற்றில் வரவும்" என்று மட்டும் அச்சடித்த சீட்டைக் கொடுத்திருந்தோம். "முந்தின நாள் இரவு வழக்கமான சாப்பாடு சாப்பிடவும்" என்ற வரி அதில் இல்லை. ஊசி போடுவதற்கு முன்பு நானும் "சாப்பிடலையே?" என்று மட்டும்தான் கேட்டிருந்தேன்.

ஆகவே ஸ்கேனுக்கு முந்தின இரவு எட்டு, ஒன்பது மணிக்குச் சாதாரணமாகச் சாப்பிடுங்கள். கொஞ்சம் நெய்யோ தயிரோ இருக்கட்டும். காலையில் தண்ணீர் தவிர வேறு வேண்டாம். பாலூற்றிய காபியும் வேண்டாம், அதில் கொழுப்பு இருக்கிறது. தவிர்க்க முடியாமல் நீண்ட நாள் பட்டினியில் இருப்பவர்களுக்கு, உதாரணமாக நரம்பு வழியாக மட்டுமே ஊட்டம் போகும் ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு, முதலில் சின்கலைடு என்ற ஊசியால் பழைய பித்தநீரை வெளியேற்றிவிட்டு, அரை மணி நேரம் விட்டு ஸ்கேனைத் தொடங்குவார்கள்.

மருந்துகளையும் சொல்லிவிட வேண்டும். டிராமடால், மார்ஃபின் வகை வலி மருந்துகள் அந்தச் சுருக்குத் தசையை இறுக்கிவிடும், பித்தநீர் குடலுக்கு இறங்குவதே தாமதமாகும். வயிற்றுப் பிடிப்புக்கு நம் ஊரில் சர்வசாதாரணமாகத் தரும் டைசைக்ளோமின், ஹையோசின் போன்றவை பித்தப்பையின் சுருக்கத்தையும் சேர்த்தே மந்தமாக்கும். ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபினும் விகிதத்தைக் குறைத்துக் காட்டலாம். இவற்றை எத்தனை நாள் நிறுத்த வேண்டும், நிறுத்தலாமா என்பதை மருந்து எழுதிய டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் ஸ்கேன் அறையில் பட்டியல் முழுவதையும் சொல்லிவிடுங்கள். "வயித்துவலி மாத்திரை மட்டும்தான்" என்று சொல்லித் தாண்டிப் போகும் மாத்திரைதான் பல நேரம் விஷயமே. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டென்றால் அதைச் சொல்வது எல்லாவற்றுக்கும் முன்னால்.

முதல் ஒரு மணி நேரம்

கையில் நரம்பு ஊசி. பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மில்லிகியூரி. வலி ஊசி குத்தும் வலி மட்டும்தான். மருந்தாக அது உடம்பில் எதுவும் செய்யாது, சூடு பரவுவதுகூடத் தெரியாது. மல்லாக்கப் படுத்து ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். மூச்சு சாதாரணமாக விடலாம்.

ஒழுங்கான வரிசை இப்படி இருக்கும். முதல் ஐந்து நிமிடத்தில் கல்லீரல் முழுதாகத் தெரிந்து, இதயப் பகுதியில் இருந்த ரத்த வெளிச்சம் மங்கும். அது மங்காமல் நீடித்தால் கல்லீரலே மந்தமாக வேலை செய்கிறது என்று அர்த்தம், அப்போது மற்ற எல்லா நேரக் கணக்கும் தள்ளிப் போகும். அப்புறம் பித்தநாளம், பித்தப்பை, சிறுகுடல். பித்தப்பையும் குடலும் ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிட வேண்டும். இரண்டில் எது முந்துகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

இந்தக் கட்டத்தில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. சிறுகுடலின் வளைவு பித்தப்பைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், நேராக எடுக்கும் படத்தில் அங்கே தேங்கிய வெளிச்சம் பித்தப்பை மாதிரியே தெரியும். சந்தேகம் வந்தால் கேமராவை இடப்பக்கமாக 35 முதல் 40 டிகிரி சாய்த்து ஒரு படம் எடுப்போம். அப்போது இரண்டும் தனித்தனியாகப் பிரியும். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் உண்டு. குடலாக இருந்தால் நகர்ந்துவிடும், பையாக இருந்தால் அங்கேயே நிற்கும்.

பை நிரம்பவில்லை என்றால்

அறுபது நிமிடத்தில் பை தெரியவில்லை என்பது முடிவு இல்லை, பாதி வழிதான். இங்கிருந்து இரண்டு பாதைகள். ஒன்று, மூன்று நான்கு மணி நேரம் வரை காத்திருந்து மறுபடி படம் எடுப்பது. இன்னொன்று, கல்லீரலில் மருந்து இன்னும் மிச்சமிருந்து, குடலிலும் வெளிச்சம் இறங்கியிருந்தால், மிகக் குறைந்த அளவு மார்ஃபினை நரம்பில் கொடுத்து இன்னும் அரை மணி நேரம் பார்ப்பது. அளவு கிலோவுக்கு 0.04 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு 2.4 மில்லிகிராம். முன்பு வேண்டாம் என்று சொன்ன அதே மருந்தின் குணத்தை இங்கே வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். அது சுருக்குத் தசையை இறுக்கும், நாளத்தில் அழுத்தம் ஏறும், பித்தப்பைக் குழாய் திறந்திருந்தால் பித்தநீர் வேறு வழியில்லாமல் அதற்குள் போகும். மார்ஃபின் எல்லா மையத்திலும் கையில் இருக்காது. அங்கெல்லாம் காத்திருப்புத்தான்.

மார்ஃபினுக்குப் பிறகும், அல்லது நான்கு மணி நேரம் ஆகியும் பை வரவில்லை, நோயாளிக்குக் காய்ச்சல், விடாத வலி, வலது விலாவின் கீழே அழுத்தினால் மூச்சைப் பிடிக்கும் அளவுக்கு வேதனை, ரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடுதல். இவையெல்லாம் சேர்ந்தால் அது கடுமையான பித்தப்பை அழற்சி. பித்தப்பைக் குழாய் அடைபட்டிருக்கிறது, பெரும்பாலும் ஒரு கல்லால். பித்தப்பைக்கு ஒட்டிய கல்லீரல் ஓரம் மட்டும் ஒரு விளிம்பாகப் பிரகாசமாகத் தெரிந்தால் டெக்னாலஜிஸ்ட் நாற்காலியை விட்டு எழுந்துபோய் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அழற்சி முற்றிப் பையின் சுவர் அழுக ஆரம்பித்திருக்கலாம் என்பதற்கான அடையாளம் அது. அந்த நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

பை தாமதமாக, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி வந்தது என்றால் குழாய் முழுதாக அடைபடவில்லை. நாள்பட்ட அழற்சியில் இப்படி வரும். கல்லீரல் மந்தமாக இருந்தாலும் வரும்.

வெளிநோயாளியாக நடந்து வந்தவர், காய்ச்சல் இல்லை, ரத்தப் பரிசோதனை சரி, அல்ட்ராசவுண்டில் சுவர் மெல்லியதாக இருக்கிறது, ஆனாலும் பை தெரியவில்லை. இப்போது சந்தேகப்பட வேண்டியது முதலில் எங்கள் தயாரிப்பை. எப்போது சாப்பிட்டார், எவ்வளவு நேரமாகப் பட்டினி, என்ன மருந்து. அப்புறம் ஒரு கேள்வி, கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்க வேண்டியது: "வயித்துல முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்கா?" பித்தப்பையை எப்போதோ எடுத்துவிட்டவருக்கு, எடுத்தது அவருக்கே தெரியாமல் இருந்தாலும், ஸ்கேனில் பை தெரியாமல்தான் போகும். சிரிக்க வேண்டாம், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். சிறிய தழும்பு தொப்புள் மடிப்புக்குள் மறைந்திருக்கும்.

நம் அம்மாவுக்கு வருவோம். காய்ச்சல் இல்லை, வெள்ளணுக்கள் சரி, வலியும் அந்த நேரத்தில் இல்லை. டாக்டர் மார்ஃபின் வேண்டாம், காத்திருப்போம் என்றார். மூன்றாவது மணி நேரப் படத்தில் பித்தப்பை இருக்கும் இடத்தில் மங்கலாக ஒரு புள்ளி வந்தது. சாய்த்து எடுத்தும் அங்கேயே நின்றது. குழாய் திறந்திருக்கிறது, கடுமையான அழற்சி இல்லை என்பது தீர்ந்தது.

"இப்ப சுருங்குதான்னும் பாத்துடலாமே சார், இன்னொரு தடவை அலையணுமா?" என்று கேட்டார் அவர். நியாயமான கேள்வி. ஆனால் மங்கலான பையில் கவுண்ட், அதாவது கேமரா எண்ணும் கதிர்களின் எண்ணிக்கை, மிகக் குறைவு, சுற்றிலும் குடலில் வெளிச்சம் பரவிக் கிடக்கிறது. அதிலிருந்து விகிதம் கணக்கிட்டால் எண் ஒன்று வரும், ஆனால் அது எதையும் குறிக்காது. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னோம். இரவு ஒன்பது மணிக்கு ஒரு கரண்டி நெய்யோடு சாதம். டைசைக்ளோமின் கலந்த மாத்திரையை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

சுருங்க வைப்பது: ஊசியா, பானமா

இரண்டாம் முறை பை இருபதாவது நிமிடத்திலேயே தெரிந்தது. அறுபதாவது நிமிடத்தில் நன்றாக நிரம்பியிருந்தது, கல்லீரல் வெளிச்சம் பெரும்பாலும் வடிந்திருந்தது. இப்போதுதான் இரண்டாவது கேள்வி.

சுருங்க வைக்க இரண்டு வழி. ஒன்று சின்கலைடு ஊசி, அந்த ஹார்மோனின் செயற்கைச் சிறு துண்டு. கிலோவுக்கு 0.02 மைக்ரோகிராம், 60 கிலோவுக்கு 1.2 மைக்ரோகிராம். அதை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பம்ப்பில் விட வேண்டும். இந்த முறையில் விகிதம் 38 சதவீதத்துக்குக் கீழே வந்தால் குறைவு. இந்த எல்லை 2010ல் வெளியான ஆய்வில், பல மருத்துவமனைகளில் 60 ஆரோக்கியமானவர்களுக்கு இதே ஊசியை விதவிதமான வேகத்தில் போட்டுப் பார்த்து எடுத்தது. மூன்று நிமிடத்திலோ கால் மணி நேரத்திலோ வேகமாகச் செலுத்தினால் ஆரோக்கியமானவர்களுக்கே ஒருவருக்கொருவர் எண் தாறுமாறாக மாறும். வேக ஊசியில் வயிறு பிசையும், குமட்டும். "ஊசி போட்டதும் அதே வலி வந்துச்சு, அப்ப பித்தப்பைதான்" என்று நோயாளியும், சில சமயம் டாக்டரும் முடிவு கட்டுவார்கள். வேகமாகப் போட்டால் யாருக்கும் வலிக்கும். அந்த வலியை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

சின்கலைடு விலை கூடியது, நம் பக்கம் எளிதில் கிடைப்பதும் இல்லை. அதனால் கொழுப்புள்ள பானம் கொடுப்பதுதான் இங்கே நடைமுறை. 240 மில்லி என்ஷூர் பிளஸ், அதில் சுமார் 11 கிராம் கொழுப்பு, குடித்து ஒரு மணி நேரம் படம் எடுத்தால் 33 சதவீதத்துக்கு மேல் இருப்பது சரி என்று ஆய்வில் எல்லை வகுத்திருக்கிறார்கள். சில இடங்களில் பாலும் கிரீமும், சில இடங்களில் முட்டை, வெண்ணெய், சாக்லேட். அதில் தவறில்லை. ஆனால் ஒரு பானத்துக்கு வகுத்த எல்லையை இன்னொன்றுக்குப் பொருத்துவது தவறு. கொழுப்பு குறைந்தால் சுருக்கமும் குறையும். இன்னொன்று, பானம் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போனால்தான் ஹார்மோனே சுரக்கும். நீண்டகாலச் சர்க்கரை நோயில் இரைப்பை மந்தமாக இருப்பவருக்குப் பித்தப்பை நன்றாக இருந்தும் விகிதம் குறைந்து வரலாம். குற்றவாளி வேறு இடத்தில் இருப்பான்.

அந்த அம்மாவுக்கு 240 மில்லி பானம் கொடுத்தோம். ஒரு மாதமாகக் கஞ்சி குடித்தவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் முடித்தார்.

அந்த எண் எப்படி வருகிறது

கணினித் திரையில் பித்தப்பையைச் சுற்றி ஒரு கோடு போடுவேன். அதற்குள் எத்தனை கவுண்ட் என்று மென்பொருள் சொல்லும். பித்தப்பைக்கு முன்னும் பின்னும் கல்லீரல் இருப்பதால் அதன் வெளிச்சமும் இந்தக் கணக்கில் கலந்திருக்கும். ஆகவே பக்கத்துக் கல்லீரலில் இன்னொரு சிறு கோடு போட்டு, அந்தப் பின்னணியைக் கழிக்க வேண்டும். டெக்னீஷியத்தின் அரை ஆயுள் ஆறு மணி நேரம் என்பதால் ஒரு மணி நேரத்தில் அது தானாகவே 11 சதவீதம் குறையும். பை சுருங்காமலே குறைந்த மாதிரி இருக்கும். கீழே உள்ள எண்கள் அதையும் திருத்திய பிறகு உள்ளவை, புரிவதற்காக முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

பானம் குடிக்கும் முன் கோட்டுக்குள் 92,000 கவுண்ட். அதில் கல்லீரல் பின்னணி 12,000. பித்தப்பையுடையது 80,000.

ஒரு மணி நேரம் கழித்து 66,000. பின்னணி 6,000. பித்தப்பையுடையது 60,000.

```
(80,000 − 60,000) ÷ 80,000 × 100 = 25%
```

33க்குக் கீழே. குறைவுதான். ஆனால் இதே படத்தில் ஒரு சின்னக் கவனக்குறைவு என்ன செய்யும் என்று பாருங்கள். பானம் குடித்ததும் சிறுகுடல் சுறுசுறுப்பாகி, வெளிச்சம் நிறைந்த ஒரு வளைவு பித்தப்பைக் கோட்டுக்குள் நுழைந்து 10,000 கவுண்டைக் கூட்டிவிட்டது என்று வையுங்கள். கடைசி எண் 70,000 ஆகிவிடும், விகிதம் 12.5 சதவீதம். பாதியாகிவிட்டது! நல்ல பித்தப்பை உள்ள ஒருவருக்கு 45 வர வேண்டியது எல்லைக்குக் கீழே சரிவதற்கும் இந்த அளவு போதும். நோயாளி நடுவில் இருமி அசைந்து, பை கோட்டுக்கு வெளியே பாதி நழுவினால் நேர்மாறாக விகிதம் கூடிவிடும். அதனால் எண்ணை மட்டும் பார்க்காமல் படங்களை ஓட விட்டுப் பார்ப்பது டாக்டரின் முதல் வேலை. நல்ல அறிக்கையில் பை சுருங்கும் வளைகோடு கூடவே இருக்கும். அது வழவழப்பாக இறங்கினால் நம்பலாம். திடீர்த் திடீரென்று துள்ளினால் யாரோ அசைந்திருக்கிறார், அல்லது குடல் உள்ளே வந்திருக்கிறது.

25 சதவீதம் என்றால் ஆபரேஷனா?

அந்த அம்மாவின் கணவர் அறிக்கையைக் கையில் வாங்கியதும் கேட்டது இதைத்தான். "நாலுல ஒரு பங்குதான் வேலை செய்யுதா சார்?"

அப்படி இல்லை. ஆரோக்கியமானவருக்கும் 100 வருவதில்லை. ஒரு மணி நேரத்தில், ஒரு குறிப்பிட்ட தூண்டுதலுக்கு, உள்ளே இருந்ததில் கால்வாசியை வெளியேற்றியது, அவ்வளவே இதன் பொருள். பித்தப்பை மந்தமாக இருக்கிறது என்று இது சொல்கிறது. வலி அங்கிருந்துதான் வருகிறது என்பதற்கு இது மட்டும் சாட்சி ஆகாது. குடல் எரிச்சல் நோய், சர்க்கரை, உடல் பருமன், மேலே சொன்ன மருந்துகள் எல்லாவற்றிலும் விகிதம் குறையும். எந்த வலியும் இல்லாமல் திரிபவர்களிலும் சிலருக்குக் குறைவாகத்தான் இருக்கும்.

ஆகவே எண்ணைவிட வலியின் குணம் முக்கியம். பித்தப்பை வலி மேல்வயிற்றின் நடுவிலோ வலப்பக்கமோ வரும். ஏறி, ஒரே சீராக நின்று, அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். கையில் இருக்கும் வேலையை நிறுத்த வைக்கும். தினமும் வராது, விட்டுவிட்டு வரும். மலம் கழித்தாலோ, திரும்பிப் படுத்தாலோ, அமிலம் குறைக்கும் மாத்திரை போட்டாலோ பெரிதாகக் குறையாது. ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட பத்தாவது நிமிடத்தில் வயிறு ஊதி, ஏப்பம் விட்டால் இதமாகிற வலி வேறு ஜாதி. அதற்குப் பித்தப்பையை எடுத்தால் வலி கூடவே வீட்டுக்கு வரும். இதைச் சர்ஜன்களே சொல்வார்கள்.

அந்த அம்மாவுக்கு வலி வாரம் ஒன்றிரண்டு தடவைதான், ஆனால் வந்தால் ஒன்றரை மணி நேரம், வலது தோள்பட்டை வரை இழுக்கும். கல்லீரல் பரிசோதனையும் கணைய நொதிகளும் சரியாக இருந்தன. கல் இல்லை, தயாரிப்பு சரி, பை ஒழுங்காக நிரம்பியது, விகிதம் 25. எல்லாம் ஒரே திசையைக் காட்டியதால்தான் டாக்டர் "பித்தப்பையின் இயக்கக் கோளாறாக இருக்கலாம், சர்ஜனைப் பார்க்கவும்" என்று எழுதினார். "இருக்கலாம்" என்ற சொல்லை அவர் தெரிந்தேதான் போட்டார்.

அறிக்கை கைக்கு வந்ததும் கடைசி வரிக்கு ஓடாதீர்கள். பட்டினி எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கிறதா, பை எத்தனையாவது நிமிடத்தில் தெரிந்தது, சுருங்க வைக்க என்ன கொடுத்தார்கள், எவ்வளவு நேரத்தில், அதற்கு அந்த மையம் வைத்திருக்கும் சரியான எல்லை எது. இவை இல்லாமல் "விகிதம் 31" என்று மட்டும் இருந்தால் மையத்துக்குப் போன் செய்து கேளுங்கள். சின்கலைடு என்றாலும் என்ஷூர் பிளஸ் என்றாலும் 31 குறைவுதான், ஆனால் 35 என்று வந்தால் ஒன்றில் குறைவு, இன்னொன்றில் சரி. எல்லை ஓரத்தில் வந்த எண்ணுக்காக யாரும் அவசரப்பட்டுக் கத்தியைத் தொட வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் மருந்துகளை நிறுத்தி இன்னொரு முறை எடுக்கலாம்.

இன்னொரு முறையா, கதிர்வீச்சு என்னாவது என்று கேட்பார்கள். ஐந்து மில்லிகியூரிக்குச் சுமார் 3 மில்லிசீவர்ட், நாம் எல்லோரும் இயற்கையிலிருந்து ஓராண்டில் வாங்குவதைவிடச் சற்று அதிகம். வயிற்று சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் இதைவிடக் கூடுதல். ஸ்கேன் முடிந்ததும் சாப்பிடலாம், பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம். மருந்து பெரும்பாலும் மலத்தோடு வெளியேறும், அதனால் அன்றைக்குக் கழிப்பறையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைக்குழந்தையை அன்று ஒரு நாள் மணிக்கணக்கில் மடியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பவர் ஊசிக்கு முன்பே சொல்லிவிட்டால், என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்வார்.